இரண்டு கோல்களுக்கு நடுவில்

அக்காவின் கொப்பியில் கடைசியாக இருப்பது என் கையெழுத்து. மூன்று கட்டம் வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு கார்டின் பெயரை எழுதி, கீழே ஒரு வரி போட்டிருக்கிறேன்: "பொங்குது. வீட்டிலேயே இருக்கலாம். நல்லது." அது ஒரு சனிக்கிழமை காலையில் எழுதியது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா இல்லை.

டிக்கோயாவுக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், அறைகள் வரிசையாக நிற்கிற லயம் ஒன்றில் எங்கள் வீடு. அப்பா இறந்து பல வருடம் ஆகிறது. அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். நான் ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பழைய துரை பங்களா ஒன்றை வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குகிற இடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே அறை துடைக்கிறேன், பெட்ஷீட் துவைக்கிறேன். தங்கிப் போனவர்கள் எதையாவது மறந்துவிட்டுப் போனால் ஆபீஸ் அலமாரியில் மூன்று மாதம் வைத்திருப்பார்கள். கேட்டு யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவளுக்கே கொடுத்துவிடுவார்கள். அப்படி எனக்கு ஒரு குடை கிடைத்தது, ஒரு கம்பளித் தொப்பி கிடைத்தது. அப்புறம் இந்த டாரட் கார்டுக் கட்டு.

கொண்டு வந்த அன்று அம்மா பார்த்துவிட்டு, "ஆம்பளைங்கதான் சந்தியில உக்காந்து சீட்டாடுறானுங்கன்னா இப்ப வீட்டுக்குள்ளயுமா?" என்றார்.

"இது ஆடுற சீட்டு இல்லம்மா. கேட்டா சொல்ற சீட்டு," என்றாள் அக்கா.

"கேட்டா சொல்லுமா? அப்ப நாளைக்கு மழையான்னு கேளு. எனக்குக் கொழுந்து எடுக்கணும்."

அக்கா ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவள். கல்யாணம் முடித்த பிறகும் எங்களோடுதான் இருந்தாள். அத்தானுக்குக் கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். கார்டோடு வந்த சின்னப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அக்கா போன் கமெராவை ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலே பிடித்து, அது காட்டுகிற அரைகுறைத் தமிழைத் திருத்தி, ஒரு சீஆர் கொப்பியில் எழுதினாள். எழுபத்தெட்டுக் கார்டு. அதில் இருபத்திரண்டு தனிப் படம். மீதி நாலு குடும்பம். கோல் குடும்பம் நெருப்பு. கோப்பைக் குடும்பம் தண்ணீர். வாள் குடும்பம் காற்று. காசுக் குடும்பம் மண். கோல் என்றால் வேலை, வேகம், பிறக்கிற புது விஷயம். கோப்பை என்றால் பாசம், குடும்பம், கண்ணீர். வாள் என்றால் யோசனை, சண்டை. காசு என்றால் உடம்பு, வீடு, சாப்பாடு.

மூன்று கார்டு எடுக்க வேண்டும். நடுவில் வருவதுதான் கேட்ட விஷயம். இரண்டு பக்கமும் வருவது அதற்குத் துணை, இல்லாவிட்டால் எதிர். தலைகீழாக வந்தாலும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும் என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. ஒரு கார்டு பலமாகப் பேசுகிறதா, மெதுவாகப் பேசுகிறதா என்பதைப் பக்கத்துக் கார்டு நெருப்பா தண்ணீரா காற்றா மண்ணா என்று பார்த்து முடிவு செய்யவும் என்றும் இருந்தது. எப்படிப் பார்ப்பது என்று இல்லை. புத்தகம் அதோடு முடிந்துவிட்டது.

அந்த விதியை நாங்களே கண்டுபிடித்தோம். நான்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அக்கா அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேத்தலில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"கோலும் கோப்பையும் பக்கத்துல பக்கத்துல வந்தா என்னாக்கா?"

"அணைஞ்சிரும். இது ஒரு கேள்வியா? அடுப்புல தண்ணிய ஊத்திப் பாரு."

"ஊத்துனா அணையும். மேல வச்சா? இந்தா, உன் மூஞ்சிக்கு முன்னாலயே கொதிக்குது பாரு. நெருப்பும் தண்ணியும் சேராம நமக்கு ஒரு வாய் சோறு உண்டா? தேத்தண்ணி உண்டா? தைப்பொங்கலுக்கு எது பொங்குது?"

அக்கா கொஞ்ச நேரம் கேத்தலையே பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். "உங்கிட்ட வாய் குடுக்க முடியாதுடி. சரி, பொங்கும்னு எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். நெருப்பும் தண்ணீரும் பக்கத்தில் வந்தால் இரண்டுக்கும் பலம் கூடும், பொங்கும். அக்கா முதலில் சொன்னதுதான் சரி. அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் பேசியே அதை மாற்றிவிட்டேன்.

அந்த விதி பிழை என்று எங்களுக்குத் தெரிய ஒரு சந்தர்ப்பமும் வந்தது. பக்கத்துக் காம்பராவில் ஒரு அத்தை இருக்கிறார். சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். அவர் மகன் கொழும்புக்கு வேலைக்குப் போய் மூன்று வாரமாகப் போன் எடுக்கவில்லை. அத்தை எங்களிடம் வந்து, "உங்க சீட்டுல கேட்டுச் சொல்லுங்கடி, அவன் இருக்கானா என்னான்னு," என்றார்.

நடுவில் ஐந்து கோப்பை வந்தது. கறுப்புப் போர்வை போர்த்திய ஒருத்தன் தலையைத் தொங்கப் போட்டு நிற்பான். முன்னால் மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்கும். துக்கக் கார்டு. இடது பக்கம் மூன்று கோல், ஒருத்தன் கரையில் நின்று தூரத்துக் கப்பலைப் பார்க்கிற படம். வலது பக்கம் கோல் குதிரைக்காரன்.

தண்ணீருக்கு இரண்டு பக்கமும் நெருப்பு. எங்கள் விதிப்படி துக்கம் பொங்குகிறது. அக்கா சொல்லத் தயங்கினாள். நான் சொல்லிவிட்டேன். அத்தை எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதார்.

இரண்டு நாள் கழித்து மகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். போன் தண்ணீரில் விழுந்து கெட்டுப்போயிருந்ததாம், நம்பர் எதுவும் மனப்பாடம் இல்லையாம். அன்று பின்னேரம் அத்தை வாசலில் வந்து நின்றார்.

"ஏன்டி, துக்கம் பொங்குது துக்கம் பொங்குதுன்னு என்னைய அழ வச்சீங்களே. பானையே இல்லாமப் பொங்க வச்சவளுங்க இந்த லயத்துல நீங்க ரெண்டு பேருதான்டி."

எல்லோரும் சிரித்தோம். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார்டுதான் பிழையாகச் சொல்லிவிட்டது என்று நினைத்தோமே தவிர, விதி பிழையாக இருக்கலாம் என்று நினைக்கவில்லை. அந்தக் கார்டுகள் சரியாகத்தான் சொல்லியிருந்தன. துக்கத்துக்கு அங்கே பலம் இல்லை. இரண்டு பக்கமும் நெருப்பு நின்று அதைக் காய வைத்திருந்தது. கரையில் காத்திருக்கிறவனும் குதிரையில் வருகிறவனும் அதற்குப் பக்கத்திலேயே இருந்தார்கள்.

அக்காவுக்குப் பிள்ளை உண்டாகி எட்டு மாதம் ஆனபோது கால் வீங்கியது. அது எல்லோருக்கும் வருவதுதான் என்றார்கள். அப்புறம் முகமும் வீங்கியது. தலை இடிக்கிறது என்றாள். கண்ணுக்கு முன்னால் மின்மினி பறக்கிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை சொன்னாள். வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கிளினிக்குக்குப் போனாள். மிட்வைஃப் மிஸ்ஸி கையில் பட்டி கட்டி அழுத்தம் பார்த்துவிட்டு, திரும்ப ஒரு தடவை பார்த்தாராம். ஆஸ்பத்திரியில் காட்ட ஒரு காகிதத் துண்டு எழுதிக் கொடுத்தார்.

"இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும். பஸ் இல்லன்னா நாளைக்குக் காலையிலயாவது போகணும். திங்கக்கெழம கிளினிக் வருதுன்னு நிக்கக் கூடாது, வெளங்குதா?"

அக்கா வந்து எங்களிடம் அதை அப்படியே சொன்னாள். மிஸ்ஸி பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். அன்று பின்னேரம் அத்தானுக்குப் போன் எடுத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"தனியாப் போயி ஆஸ்பத்திரியில படுக்கப் போறியா? ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு பஸ் ஏறுறேன். திங்கக்கெழம காலையில ஒண்ணாப் போவோம். ரெண்டு நாளுதானே," என்றார் அத்தான்.

"மிஸ்ஸி நிக்க வேணாம்னு சொன்னாங்க."

"அவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ பயப்படாத."

அக்கா சரி என்று சொல்லிப் போனை வைத்தாள். ஆனால் சனிக்கிழமை காலையில் நான் எழும்பும்போது அவள் பை கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நைட்டி, ஒரு துவாய், சவர்க்காரம், பிள்ளைக்கு அம்மா தைத்து வைத்திருந்த துணிகள், மிஸ்ஸி கொடுத்த துண்டு. அம்மா அதற்கு முன்னாலேயே மலைக்குப் போய்விட்டார். போகும்போது, படுத்திருந்த என்னைத் தட்டி, "அக்காவோட நீயும் போ, தனியா விட்டுறாத," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"அத்தான் திங்கக்கெழமன்னு சொன்னாரே," என்றேன்.

"அவரு வந்து ஆஸ்பத்திரியில பாக்கட்டும். எனக்கு என்னமோ மாதிரி இருக்குடி. பத்து மணி பஸ்ஸுல போயிருவோம்."

ஒரு விஷயத்தை இங்கே எழுத வேண்டும். வேறு யாரிடமும் இதைச் சொன்னதில்லை. அன்று பங்களாவில் எல்லா அறையும் நிறைந்திருந்தது. நான் லீவு கேட்டால் மேனேஜர் முகத்தைக் காட்டுவார். அதற்கு முந்தின வாரம்தான் ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்று பேச்சு வாங்கியிருந்தேன். அக்கா போகாவிட்டால் நல்லது என்று எனக்குள்ளே ஒரு பக்கம் நினைத்தது. அக்கா சாகட்டும் என்று யார் நினைப்பார்கள்? அன்றைக்கு ஒரு நாள் வேலைக்குப் போய்விட்டால் போதும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

அக்கா பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள். "கார்ட எடேன். போறதா, திங்கக்கெழம வரைக்கும் நிக்கிறதான்னு ஒரு தடவ பாத்துருவோம்."

அவளே கலைத்தாள். அவளே மூன்றை எடுத்தாள். நான் கட்டில் மேலேயே வைத்தேன்.

நடுவில் பத்துக் கோப்பை. வானவில்லில் பத்துக் கோப்பையும் வரிசையாக இருக்கும். கீழே ஒரு புருஷனும் பெண்சாதியும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் கைகோத்து ஆடுவார்கள். தூரத்தில் ஒரு சின்ன வீடு. கோப்பைக் குடும்பத்திலேயே அதைவிடச் சந்தோஷமான கார்டு இல்லை. இடது பக்கம் கோல் ஒன்று. மேகத்திலிருந்து ஒரு கை வந்து தளிர் விட்ட ஒரு கம்பைப் பிடித்திருக்கும். பிறப்புக் கார்டு. வலது பக்கம் நாலு கோல். நாலு கம்பு நட்டு மேலே பூமாலை கட்டிய பந்தல். வீட்டு விசேஷம்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. வீங்கின முகம்தான், ஆனாலும் மாறியது.

"பிள்ளைடி. வீடுடி. பந்தலப் பாரு," என்றாள்.

"ரெண்டு பக்கமும் நெருப்பு, நடுவுல தண்ணி. பொங்குதுக்கா. இதுக்கு மேல என்னா வேணும்? எல்லாம் வீட்டு கார்டா வந்திருக்கு. வீட்டுலயே இருன்னு சொல்லுது."

"அப்படியா சொல்லுது?"

"பின்ன? ஒரு வாளாவது வந்திருக்கா பாரு."

அவள் கொஞ்ச நேரம் பையைப் பார்த்தாள். அப்புறம் சிப்பைத் திறந்து துவாயை வெளியே எடுத்தாள். "சரி. திங்கக்கெழம அவரோடயே போறேன். நீ வேலைக்குப் போ." நான் கொப்பியில் அந்த வரியை எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

பின்னேரம் அம்மா வந்து கேட்டதற்கு, அத்தானோடு போகப் போகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். கார்டைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் அக்காவுக்கு வலிப்பு வந்தது. பல் கட்டிக்கொண்டது. அத்தையின் மகன்தான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தான். பாதை முழுக்கக் குழி. அம்மா அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவாப் போ, மெதுவாப் போ," என்றார். கொஞ்சத் தூரம் போனதும், "வெரசாப் போ," என்றார். ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. கோழிக்குஞ்சு மாதிரி இருந்தது, அழக்கூடச் சத்தமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். அக்காவுக்குத் திரும்பவும் வலிப்பு வந்தது. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். ஒரு பெரிய டாக்டர் அம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார், அங்கிருந்த ஒரு நர்ஸ் மிஸ்ஸி தமிழில் திருப்பிச் சொன்னார்: "நேத்தே கொண்டு வந்திருக்கலாமே?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியாது. நான்தான் சுவரைப் பார்த்தேன்.

அத்தான் அன்று பின்னேரம் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் கிடத்தியிருந்த அக்காவைப் பார்த்துவிட்டு, "நான்தானே திங்கக்கெழமன்னு சொன்னேன்," என்றார். அதையே எட்டாம் நாள் சடங்கிலும் சொன்னார், முப்பத்தொன்றிலும் சொன்னார். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாதம் ஒரு தடவை பால்மாவும் துணியும் வாங்கிக்கொண்டு வருவார். வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்காருவார். பிள்ளையைத் தூக்க மாட்டார்.

"கையில வாங்குங்களேன் தம்பி," என்பார் அம்மா.

"வேணாம் மாமி. இந்தக் கையால வேணாம்."

ஒரு தடவை அம்மா வற்புறுத்திப் பிள்ளையை அவர் மடியில் வைத்தார். அவர் கையை இரண்டு பக்கமும் தொங்கப் போட்டுக்கொண்டு அப்படியே இருந்தார். பிள்ளை சறுக்கப் பார்த்தது, அம்மாதான் பிடித்தார். போகும்போது, இனி சாமான்களைப் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன், வருவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவர் நினைப்பது பொய். அவர் சொல்லை மீறி அக்கா பை கட்டிவிட்டாள். அதை அவிழ்க்க வைத்தது நான். அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளைக்கு அப்பாவும் இல்லை.

ஆனால் எதைச் சொல்வது? கார்டு நல்லது என்று சொன்னது, நடந்தது கெட்டது. கார்டு பொய் சொன்னதா, நான் பொய் சொன்னேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

பங்களாவில் வைஃபை இருக்கிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துணி காயப்போடுகிற இடத்தில் உட்கார்ந்து போனில் தேடினேன். நெருப்பு, தண்ணி, பக்கத்துக் கார்டு என்று தமிழிலேயே அடித்துத் தேடினேன். இந்தியாவிலிருந்து ஒரு பெண் பேசுகிற வீடியோ வந்தது. அவர் மேசையில் கார்டை வைத்து வைத்துக் காட்டினார்.

ஒரே குடும்பம் பக்கத்தில் வந்தால் பலம் நன்றாகக் கூடும். நல்ல கார்டு என்றால் நல்லது கூடும், கெட்ட கார்டு என்றால் கெட்டது கூடும். நெருப்பும் தண்ணீரும் பகை. காற்றும் மண்ணும் பகை. பகைக் கார்டு பக்கத்தில் வந்தால் இரண்டுமே வலுவிழக்கும். அப்போதும் நல்ல கார்டின் நல்லது குறையும், கெட்ட கார்டின் கெட்டது குறையும். மற்றச் சேர்க்கை எல்லாம் ஒன்றுக்கொன்று உதவி. நடுக் கார்டுக்கு ஒரு பக்கம் நெருப்பும் மறுபக்கம் தண்ணீரும் வந்து, நடுவில் மண்ணோ காற்றோ இருந்தால் அது இரண்டுக்கும் பாலமாக நிற்கும். நடுக் கார்டின் இரண்டு பக்கமும் பகையே வந்தால் நடுக் கார்டு கிட்டத்தட்டப் பேச்சு மூச்சில்லாமல் போய்விடும்.

நான் வீடியோவை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெட்ஷீட்டிலிருந்து தண்ணீர் சொட்டி என் காலில் விழுந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்து எல்லாப் பழைய கேள்வியையும் திரும்பப் பார்த்தேன். அத்தையின் மகன் வந்தது இந்த விதிக்குச் சரியாகப் பொருந்தியது. அப்புறம் அக்காவின் மூன்று கட்டம். மூன்றும் நல்ல கார்டு என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் நடுவில் இருந்த குடும்பத்துக்கு, அந்த வானவில்லுக்கு, இரண்டு பக்கமும் நெருப்பு. அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு துளி பலம் இல்லை. பிறப்புக் கார்டும் தண்ணீரை ஒட்டி நின்றதால் பாதி அணைந்துதான் இருந்தது. பிள்ளையும் அப்படித்தான் வந்தது.

அப்போதுதான் அத்தை சிரித்துக்கொண்டு சொன்னது ஞாபகம் வந்தது. பானை. கேத்தலில் தண்ணீர் கொதிக்கிறது என்றால் நடுவில் கேத்தல் இருக்கிறது. அடுப்பில் சோறு வேகிறது என்றால் நடுவில் சட்டி இருக்கிறது. பானையோ கேத்தலோ, மண்ணிலிருந்து வந்த ஒன்று நடுவில் நிற்பதால்தான் நெருப்பும் தண்ணீரும் ஒன்றுக்கொன்று உதவுகின்றன. அந்தக் கட்டிலில் நான் வைத்த மூன்றில் மண்ணாக நிற்க ஒரு காசுக் கார்டுகூட இல்லை. நெருப்பும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. தினம் மூன்று வேளை அடுப்பு மூட்டுகிற எனக்குப் பானை ஞாபகம் வரவில்லை.

கார்டுக்கு நிஜமாகவே ஏதாவது தெரியுமா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. மிஸ்ஸியின் துண்டு அந்தப் பைக்குள் இருந்தது தெரியும். அதில் எழுதியிருந்ததைப் படிக்க எந்த விதியும் தேவைப்படவில்லை.

அடுத்த மாதம் சாமானைக் கொண்டு வர பஸ்காரர் யாரும் கிடைக்காததால் அத்தானே வர வேண்டியதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை. அம்மா பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போய் வைத்தேன். திரும்பிப் போகாமல் நின்றேன்.

"அத்தான். அக்கா சனிக்கெழமயே போகத்தான் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னா?"

"பை கட்டிருச்சு. பத்து மணி பஸ்ஸுக்கு. நீங்க சொன்னதக் கேட்டு நிக்கல. நான்தான் கார்டு பாத்துட்டு வேணாம்னு சொன்னேன். வீட்டுலயே இருன்னு சொன்னேன். அது பைய அவுத்துருச்சு."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

அத்தான் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"போட்டுக் காட்டு," என்றார்.

"என்னாத்த?"

"அன்னைக்கு என்னா போட்டியோ அத."

கட்டைக் கொண்டு வந்து அந்த மூன்று கார்டையும் தேடி எடுத்து, கதிரைக்கு முன்னால் ஸ்டூலில் வைத்தேன். கோல் ஒன்று, பத்துக் கோப்பை, நாலு கோல். அவர் குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"தனித்தனியா நல்லதுதான் அத்தான். பக்கத்துல வச்சாத்தான் இல்ல. கோலு நெருப்பு, கோப்பை தண்ணி. ஒண்ணை ஒண்ணு அடிக்கும். நடுவுல இருக்கிறதுதான் அக்கா கேட்டது. இந்தப் பக்கமும் அடிக்குது, அந்தப் பக்கமும் அடிக்குது. அதுக்குப் பலமே இல்ல. நான் அன்னைக்குப் பொங்குதுன்னு சொன்னேன்."

"அன்னைக்கு இது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அவர் விரலை வலது பக்கக் கார்டில் வைத்தார். "இது நீ."

"ஆமா."

விரலை எடுத்து இடது பக்கக் கார்டில் வைத்தார்.

"வெள்ளிக்கெழம நான் நில்லுன்னேன். சனிக்கெழம நீ நில்லுன்ன. ஒரே பேச்சுதானே ரெண்டு பேரும்?"

"ம்."

"நடுவுல அவ."

அவ்வளவுதான் சொன்னார். மிஸ்ஸியின் துண்டு எங்கே என்று கேட்டார். பை இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் ஸ்டூலிலிருந்து கோல் ஒன்றை எடுத்து, அதையும் அதே பைக்குள் வைத்தார். தேத்தண்ணியைக் குடிக்காமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லடி. நான் கொழுந்த வீசிட்டு வந்திருப்பேனே," என்றார். அதற்குப் பிறகு நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டு வைத்தார்.

அடுத்த மாதம் அத்தான் வருவாரா என்று தெரியாமல்தான் இருந்தோம். வந்தார். என்னோடு பேசவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. இன்று வரைக்கும் அப்படித்தான். கதிரையில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம், "பிள்ளையக் குடுங்க," என்றார்.

அம்மா கொடுத்தார். அவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தலைக்குக் கீழே கை வைக்க வேண்டும் என்று அம்மா காட்டிக் கொடுத்தார். பிள்ளை அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. நான் அடுப்படியில் நின்றேன்.

போன வாரம் அத்தை வந்து, மகனுக்குப் பெண் பார்க்கிறோம், ஒரு தடவை கார்டு போட்டுச் சொல்லேன் என்று கேட்டார். பழையதை மறந்துவிட்டார், இல்லாவிட்டால் மன்னித்துவிட்டார்.

"ஒரு கார்டு குறையுது அத்தை. பாக்க முடியாது," என்றேன்.

"எங்க போச்சு?"

"அத்தான்கிட்ட இருக்கு."

கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. எழும்பிப் போய் இறக்கி வைத்தேன்.